சிட்னிக்குக் கட்டும் பெட்டி: எதை எடுக்கலாம், எதை விடலாம், எவ்வளவு எடை

கேள்வி: மே மாத விடுமுறையில் நான், கணவர், 10 வயது மகள், 4 வயது மகன், மாமியார் ஐந்து பேரும் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக சிட்னி போகிறோம். நாத்தனார் வீட்டில் மூன்று வாரம் தங்குவோம். ஒருவருக்கு 25 கிலோ, கையில் 7 கிலோ. மாமியார் பொன்னி அரிசி, பருப்பு, சாம்பார் பொடி, மோர்மிளகாய், மைசூர்பாகு என்று பெரிய லிஸ்ட் வைத்திருக்கிறார். எதையெல்லாம் எடுத்துப்போகலாம்? எடையை எப்படிப் பிரிப்பது? பரிசாக என்ன வாங்கலாம்?

பதில்:

ஐந்து பேருக்கு 125 கிலோ இருக்கிறது. மூன்று வாரப் பயணத்துக்கு அது தாராளம். உங்களுக்குச் சிக்கல் விமான நிறுவனத்தின் தராசில் வராது. சிட்னியில் இறங்கியதும் உணவுப்பொருளைச் சோதிக்கும் இடத்தில்தான் வரும். அதனால் துணி அடுக்குவதற்கு முன் மாமியாரின் லிஸ்டைக் கையில் எடுங்கள். அது முடிவானால்தான் எடைக் கணக்குக்கே அர்த்தம் உண்டு.

ஆஸ்திரேலியா பயப்படுவது காப்ரா வண்டு என்ற தானிய வண்டுக்கு. சில மில்லிமீட்டரே இருக்கும் அதன் புழு, தீனி இல்லாமலே பெட்டியின் தையலிலும் அட்டைப்பெட்டி மடிப்பிலும் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குடோனில் புகுந்துவிட்டால் சேமித்த தானியம் மொத்தமும் வீண். கோதுமை ஏற்றுமதி செய்கிற நாடு என்பதால், இந்த வண்டு தங்கக்கூடிய பொருள்களைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவரக் கூடாது என்று 2020 முதல் தடை போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் படித்தால் நம் வீட்டு மளிகைச் சீட்டைப் படிப்பது போலவே இருக்கும்: அரிசி, கோதுமை, துவரம்பருப்பு, உளுந்து, பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மசூர்பருப்பு, வேர்க்கடலை, கொத்தமல்லி விதை, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய். எவ்வளவு சுத்தமாகப் புடைத்து, வெயிலில் காயவைத்து, ஜிப் கவரில் போட்டாலும் இவை போகாது. ஆக, பொன்னி அரிசியும் பருப்பும் லிஸ்டிலிருந்து முதலில் போகட்டும்.

சாம்பார் பொடி அரைத்ததுதானே, விதை இல்லையே என்று மாமியார் கேட்கலாம். வீட்டுப் பொடியில் இருப்பது மல்லி, மிளகாய், துவரம்பருப்பு, சீரகம். நான்குமே மேலே சொன்ன பட்டியலில் உள்ளவை. லேபிள் இல்லாத கவரில் செந்நிறப் பொடி இருந்தால், அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு வறுத்தது என்று அதிகாரிக்குத் தெரிய வழியில்லை. எடுத்துப்போகாதீர்கள் என்பதே என் யோசனை. நாத்தனாரிடம் ஒரு நல்ல மிக்ஸி இருந்தால் போதும். மாமியாரே அங்கே போய் ஒரு மதியத்தில் வறுத்து அரைத்துக் கொடுத்துவிடலாம். சிட்னியில் பென்டில் ஹில், வென்ட்வர்த்வில் பக்கம் தமிழ்க்கடைகள் இருக்கின்றன. மல்லியும் மிளகாயும் பொன்னி அரிசியும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது பால். கோமாரி நோய் இல்லாத நாடுகளின் பால்பொருளைத்தான் பயணிகள் கொண்டுவர விடுகிறார்கள். இந்தியா அந்த வரிசையில் இல்லை. அதனால் நெய், வெண்ணெய், பால்கோவா, பேடா, குலாப்ஜாமூன் எல்லாம் கிடையாது. மைசூர்பாகு பால் இனிப்பு இல்லை என்று தோன்றும். ஆனால் அதில் பாதி நெய்தானே. பிரசாதம் என்பதற்காகத் தனிச் சலுகை இல்லை. திருப்பதி லட்டுவிலும் நெய், பழனி பஞ்சாமிர்தத்திலும் நெய். மகனுக்காகப் பால் பவுடர் எடுக்க நினைத்தாலும் வேண்டாம். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு அதன் உணவுக்கு விலக்கு உண்டு, 4 வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது.

மோர்மிளகாயைப் பாருங்கள். காய்ந்த மிளகாய் என்ற வகையிலும் மாட்டும், மோரில் ஊறியதால் பால்பொருள் என்ற வகையிலும் மாட்டும். மோரில் ஊறவைத்த சுண்டைக்காய் வத்தலும் பாதிக்குப் பாதி அதே நிலைதான். கறிவேப்பிலை, வெற்றிலை, மாங்காய், வாழைப்பழம், பச்சை மஞ்சள், தேங்காய் என்று பச்சையாக எதுவும் கூடாது. கறி, கோழி சேர்ந்த ஊறுகாயும் தொக்கும் கூடாது. தலையில் வைத்த மல்லிகைச் சரமும் இதில் சேர்த்தி. சென்னை விமான நிலையத்துக்கு வழியனுப்ப வருபவர்கள் ஆசையாக வைத்துவிடுவார்கள். சிங்கப்பூரில் இறங்கும்போதே அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் விமானத்தில் கொடுத்த பழத்தையோ தயிர்க் கோப்பையையோ பையில் பத்திரப்படுத்துவார்கள். இறங்குவதற்கு முன் இரண்டு பேரின் பையையும் திறந்து பார்த்துவிடுங்கள். பெரிய பெட்டியில் ஒன்றுமில்லாமல், மகளின் முதுகுப்பையில் கிடந்த ஒரு ஆப்பிளுக்காக மாட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

சரி, எதை எடுக்கலாம்? காப்ரா தடையில் முக்கியமான ஒரு விலக்கு இருக்கிறது. வறுத்தது, பொரித்தது, வேகவைத்தது, பொரியாக்கியது போல நன்றாகச் சூடுபட்டு, கம்பெனியில் தயாராகி, அங்கேயே அடைக்கப்பட்ட பொருள்களுக்கு இந்தத் தடை இல்லை. முறுக்கு, தட்டை, காராசேவு, கடலைமிட்டாய், நேந்திரம் சிப்ஸ் எல்லாம் இந்த வழியில் போகும். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கடைக்காரர் தட்டிலிருந்து அள்ளி, எடை போட்டு, கவரில் கட்டித் தருவது வேண்டாம். பொருளின் பெயர், என்னென்ன சேர்ந்திருக்கிறது, தயாரித்த தேதி ஆகியவை ஆங்கிலத்தில் அச்சடித்த, இயந்திரத்தில் ஒட்டிய பாக்கெட்டாக வாங்குங்கள். அதிகாரி அந்த லேபிளைத்தான் படிப்பார். இன்னொன்று, வெண்ணெய் முறுக்கு, நெய் முறுக்கு என்று பெயரிலேயே பால்பொருள் இருப்பதை விட்டு, எண்ணெயில் பொரித்ததை எடுங்கள். மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய் ஊறுகாயும் கம்பெனி சீல் உடையாத பாட்டிலாக இருக்கட்டும். வறுத்து அரைத்த காபிப்பொடி, டீத்தூள், பிஸ்கட், சாக்லேட் ஆகியவற்றுக்குச் சிக்கல் இல்லை. கும்பகோணம் டிகிரி காபிக்கு ஏங்குகிற நாத்தனார் என்றால், சிக்கரி எத்தனை சதவீதம் வேண்டும் என்று போனில் கேட்டு, 500 கிராம் பாக்கெட்டாக நான்கு வாங்குங்கள். நீங்கள் தருகிற பொருள்களில் அவர் தினமும் காலையில் தொடுகிற பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

இத்தனையும் எடுத்துப்போனாலும் ஒரே நிபந்தனை: சொல்லிவிட வேண்டும். இறங்குவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு பயணி அட்டை நிரப்ப வேண்டும். உணவு கொண்டுவருகிறீர்களா என்ற கேள்விக்கு, கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் இருந்தாலும் ஆம் என்று குறியுங்கள். ஆம் என்று சொன்ன பொருள் அனுமதி இல்லாததாக இருந்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான், அபராதம் இல்லை. இல்லை என்று குறித்து, பிறகு மோப்ப நாயோ ஸ்கேனரோ கண்டுபிடித்தால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகலாம். விசாவையே ரத்து செய்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பவும் சட்டத்தில் இடம் உண்டு. மாமியாரின் அட்டையை நீங்கள் நிரப்புவீர்கள், ஆனால் கையெழுத்து அவருடையது. அவர் பெட்டியின் மூலையில் தெரியாமல் ஒரு பொட்டலம் வைத்திருந்தால் பொறுப்பு அவர் தலையில் விழும். கிளம்புவதற்கு முந்தின நாள், அவர் வருத்தப்படாதபடி பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியை அவரோடு சேர்ந்து ஒருமுறை முழுக்கப் பிரித்து அடுக்குங்கள்.

இதற்காகவே ஒரு ஏற்பாடு: உணவு அத்தனையையும் ஒரே பெட்டியில் வையுங்கள். ஐந்து பெட்டியிலும் பிரித்து வைத்தால் ஐந்தையும் திறந்து, ஐந்தையும் மறுபடி கட்ட வேண்டியிருக்கும். இரவெல்லாம் தூங்காத பிள்ளைகளோடு அது பெரிய பாடு. சின்னப் பெட்டி ஒன்றை உணவுக்கென்றே ஒதுக்கி, உள்ளே இருப்பதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி மேலே வைத்துவிடுங்கள்: முறுக்கு 6 பாக்கெட், காபிப்பொடி 4 பாக்கெட், மாங்காய் ஊறுகாய் 2 பாட்டில் என்று. அதிகாரி தாளைப் பார்ப்பார், ஒன்றிரண்டை எடுத்துப் பார்ப்பார், பெரும்பாலும் சில நிமிடத்தில் வேலை முடியும். பலசரக்குக் கடையில் வாங்கிய பழைய அட்டைப்பெட்டியிலோ, அரிசி வைத்திருந்த பையிலோ எதையும் கட்டாதீர்கள். மேலே சொன்ன வண்டு ஒளிகிற இடமே அதுதான். செருப்பு, ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிடுங்கள். மண்ணும் அங்கே சோதனைக்கு உட்பட்டதுதான்.

இனி எடை. முதலில் டிக்கெட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக 25K என்று இருந்தால் மொத்த எடைக் கணக்கு. 1PC, 2PC என்று இருந்தால் பெட்டி எண்ணிக்கைக் கணக்கு. எடைக் கணக்கில், ஒரே பி.என்.ஆரில் ஐந்து பேரும் சேர்ந்து செக்-இன் செய்தால் பெரும்பாலான நிறுவனங்கள் மொத்தத்தைச் சேர்த்துப் பார்க்கும். ஒரு பெட்டி 27, இன்னொன்று 20 என்று இருந்தாலும் விடுவார்கள். பெட்டிக் கணக்கில் அப்படி இல்லை. ஒன்று 26 கிலோ இருந்து மற்றது 15 கிலோவாக இருந்தாலும் அந்த ஒன்றுக்குப் பணம் கட்ட வேண்டும். மாமியாரின் டிக்கெட் தனி பி.என்.ஆரில் எடுத்தது என்றால் சேர்த்துக் கணக்கிடுவார்களா என்று முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். எந்தக் கணக்கானாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்கிப்போடும் ஊழியர்களின் பாதுகாப்புக்காக வைத்த வரம்பு அது, பணம் கட்டினாலும் தளராது.

நீங்கள் மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ சென்னைக்குத் தனி டிக்கெட்டில் உள்நாட்டு விமானம் பிடிப்பதாக இருந்தால், அங்கே ஒருவருக்கு 15 கிலோதான் வழக்கம். ஐந்து பேருக்கு 50 கிலோ அதிகமாகிவிடும். அந்தத் துண்டுக்கு ரயிலே மேல். சிட்னியிலிருந்து மெல்போர்ன் சுற்றிப் பார்க்கப் போனாலும் இதே கதைதான். பெரிய பெட்டிகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, முதுகுப்பையோடு போங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பெரிய பெட்டி, உணவுக்கு ஒரு சின்னப் பெட்டி. வெறும் பெட்டி எடையையே பலர் மறந்துவிடுகிறார்கள். பெரியது ஒன்று சுமார் 4 கிலோ, சின்னது இரண்டரை. ஐந்துக்கும் 18.5 கிலோ. உங்கள் துணி 8, கணவருக்கு 7, மாமியாருக்கு 7, மகளுக்கு 5, மகனுக்கு 4, ஆக 31 கிலோ. ஆளுக்கு ஒரு கூடுதல் செருப்பு அல்லது ஷூ 3 கிலோ, சோப்பு, எண்ணெய், மருந்து 4 கிலோ. சொந்தப் பொருள் மொத்தம் 38 கிலோ. உணவு 14 கிலோ. பரிசுக்கு 27 கிலோ வைத்துக்கொள்வோம். கூட்டினால் 97.5 கிலோ. சின்னப் பெட்டி 16.5, பெரிய பெட்டிகள் நான்கும் ஏறத்தாழ 20 கிலோ. மேலும் 27 கிலோவுக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

இந்த மிச்சத்தை நிரப்பத்தான் அரிசியும் பருப்பும் உள்ளே வருகின்றன. காலியாக விடுங்கள். 20 கிலோ பெட்டியை உங்கள் கணவர் ஒருவரே டாக்சியில் ஏற்றிவிடுவார். 25 கிலோ பெட்டிக்கு இன்னொரு கை வேண்டும். சிட்னியில் நாத்தனாரின் காரில் ஐந்து பேரும் ஐந்து பெட்டியும் அடங்காது என்பதையும் இப்போதே அவரிடம் சொல்லி, இரண்டாவது வண்டிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

எடை பார்க்க, கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் சீல் உடைக்காத 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். 10.4 என்று காட்டினால் உங்கள் தராசு 400 கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். பெட்டியைத் தூக்கும்போது கை ஆடினால் எண்ணும் ஆடும். இரண்டு பேர் பிடித்து, எண் நிலைக்கும்வரை அசையாமல் நில்லுங்கள். தராசு இல்லாவிட்டால் உடல் எடை பார்க்கும் மெஷினில் பெட்டியோடு ஒருமுறை, பெட்டி இல்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்துக்கொள்ளலாம். விமான நிலையத் தராசுக்கும் வீட்டுத் தராசுக்கும் அரை கிலோ வித்தியாசம் வருவது சகஜம், அதனால் பெட்டிக்கு ஒரு கிலோ குறைவாகவே நிறுத்துங்கள்.

பெட்டியில் போடவே கூடாத சில பொருள்கள் நம் வீடுகளில் அடிக்கடி மாட்டுகின்றன. பூஜைச் சாமான்களோடு சூடம் சேர்ந்துவிடும். அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள், பெட்டியிலும் கூடாது, கையிலும் கூடாது. தீப்பெட்டியைப் பெட்டியில் வைக்கக் கூடாது. கொப்பரைத் தேங்காயும் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் தடை. பவர் பேங்க் பெட்டிக்குள் போகவே கூடாது, கையில்தான். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-அவர் கணக்கு, 100 வரை தடையில்லை. எண் அழிந்துபோன பழைய பவர் பேங்கைச் சென்னையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாறாக ஊறுகாய், 100 மில்லிக்கு மேற்பட்ட தேங்காயெண்ணெய் எல்லாம் கையில் வேண்டாம். சிங்கப்பூரில் இரண்டாவது சோதனையும் இருக்கிறது.

ஊறுகாய் பாட்டிலுக்கு ஒரு வழி. மூடியைத் திறக்காமல், மூடியும் கழுத்தும் சேரும் இடத்தைச் சுற்றி அகலமான செலோடேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, பாட்டிலை இரண்டு ஜிப் கவரில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, நடுவே பழைய துண்டைச் சுற்றி, பெட்டியின் மையத்தில் நிறுத்தி வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பெட்டியை எறியும்போது அடி நேரே பாட்டிலில் விழும். எண்ணெய் கசிந்தால் பட்டுப்புடவை போய்விடும். உணவுக்குத் தனிப் பெட்டி வைப்பதில் இந்த லாபமும் இருக்கிறது.

பரிசுக்கு வருவோம். அங்கே கிடைக்காததையும், கிடைத்தாலும் விலை அதிகமானதையும்தான் எடுக்க வேண்டும். முதலிடம் தைத்த ரவிக்கைக்கு. நாத்தனாரிடம் நன்றாகப் பொருந்துகிற ஒரு ரவிக்கையின் அளவுகளை எடுத்து அனுப்பச் சொல்லி, இரண்டு புடவை வாங்கி, ஆறு ரவிக்கையை இங்கேயே தைத்துவிடுங்கள். புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, உள்பாவாடையும் சேர்த்துக் கொடுத்தால் பிரித்த அன்றே கட்டலாம். அடுத்தது மூக்குக்கண்ணாடி. அவர்களின் பவர் சீட்டை வாட்ஸாப்பில் வாங்கி, இங்கே செய்து எடுத்துப்போனால் 200 கிராம் எடையில் அவர்களுக்குப் பெரிய செலவு மிச்சம். பருத்தி நைட்டி, வேட்டி, துண்டு, பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகம், பித்தளை ஃபில்டர், டபரா டம்ளர் என்று போகலாம். புத்தகமும் பாத்திரமும் இடத்தை அடைக்காமல் எடையைத் தின்னும், துணி எடை தெரியாமல் இடத்தை அடைக்கும். ஒரே பெட்டியில் இரண்டையும் கலந்து, கனமானதைச் சக்கரப் பக்கம் வையுங்கள்.

மிக்ஸி கேட்டால் தாராளமாக எடுக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும்தான் வேறு, சாய்ந்த தட்டைக் கால்கள். நம் 750 வாட் மிக்ஸியில் உளுந்து அரைபடுவது போல் அங்கே கிடைக்கிற பிளெண்டரில் அரைபடாது. புதிதாக, பெட்டி பிரிக்காததாக வாங்குங்கள். மரப்பொம்மை, பத்தமடைப் பாய் போன்றவற்றை எடுத்தால் அட்டையில் சொல்லிக் காட்ட வேண்டும். மரத்தில் துளை, பட்டை, தூள் உதிர்வது தெரிந்தால் எடுக்காதீர்கள்.

பரிசின் மதிப்புக்கும் வரம்பு உண்டு. வயது வந்தவருக்கு 900 ஆஸ்திரேலிய டாலர், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு 450. கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்து பயணம் செய்தால் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் நால்வருக்கும் 2,700 டாலர். மாமியாரின் 900 தனி. நீங்கள் உடுத்தும் துணி, சொந்தச் சாமான் இதில் சேராது. புடவை, பாத்திரம், புத்தகம் எல்லாம் சேர்த்தாலும் சாதாரணமாக இதற்குள் அடங்கிவிடும். மீறவைப்பது தங்கம். பேத்திக்கு என்று மாமியார் ஒரு சவரன் சங்கிலி எடுத்தால் அது ஒன்றே அவருடைய 900 டாலரைத் தாண்டிவிடும். தாண்டினால் மிஞ்சிய பகுதிக்கு மட்டும் என்று இல்லாமல், அந்த வகைப் பொருள்கள் மொத்தத்துக்கும் வரி போடுவார்கள். அங்கேயே விட்டுவருகிற நகை என்றால் உங்கள் நால்வரின் கணக்கில் எடுத்துப்போய், பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேத்திக்கு வெள்ளிக் கொலுசு என்றால் இந்தக் கவலையே இல்லை.

மாமியார் கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருகிற நகை கொஞ்சம் அதிகம் என்றால், புறப்படும்போதே சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது, இது இங்கிருந்து போன நகைதான் என்று நிரூபிக்க அதுவே போதும். அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

துணி விஷயத்தில் மே மாதம் என்பதை மறந்துவிடாதீர்கள். இங்கே கத்திரி வெயில், அங்கே இலையுதிர் காலத்தின் கடைசி. சிட்னியில் பகலில் 20 டிகிரியை ஒட்டியும் விடியலில் 11 டிகிரியை ஒட்டியும் இருக்கும். கனத்த கோட் தேவையில்லை. ஆளுக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டர், மாமியாருக்குக் கூடுதலாக ஒரு சால்வை, காலுறை நான்கு ஜோடி, பிள்ளைகளுக்கு உள்ளே போடும் தெர்மல் ஒரு செட். ஆறு ஏழு நாளைக்கான துணி எடுத்தால் போதும், வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. ஒருவர் துணியை ஒரே பெட்டியில் வைக்காமல் இரண்டு பெட்டியில் பிரியுங்கள். ஒரு பெட்டி சிங்கப்பூரில் தங்கிவிட்டாலும் எல்லோருக்கும் மாற்றுத்துணி இருக்கும்.

மாமியாரின் மருந்து முழுவதும் கைப்பையில், அட்டையிலிருந்து பிரிக்காமல். மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக் கலந்துவிடாதீர்கள். மருந்தின் வேதிப்பெயரோடு மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு வேண்டும். மூன்று மாதத்துக்கு வேண்டிய அளவுவரை கொண்டுபோகலாம். கையில் 7 கிலோ என்பதில் மருந்து, பாஸ்போர்ட், விசா அனுமதிக் கடிதத்தின் அச்சு, நாத்தனாரின் முகவரியும் தொலைபேசி எண்ணும், நகை, பவர் பேங்க், பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுத்துணி, ஒரு மெல்லிய ஸ்வெட்டர் இவ்வளவே. மாமியாருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமானால் நிறுவனத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் முன் சொல்லிவிடுங்கள்.

கவுண்டரில் எடை கூடிவிட்டால் எதை வெளியே எடுப்பது என்று அங்கே நின்று யோசிக்க வேண்டாம். 2 கிலோ அளவுக்கு, விட்டாலும் பரவாயில்லை என்கிற பொருள்களை ஒரு துணிப்பையில் போட்டு, பெட்டியைத் திறந்ததும் கைக்கு வருகிற மாதிரி மேலே வையுங்கள். தேவைப்பட்டால் அந்தப் பையை எடுத்து வழியனுப்ப வந்தவரிடம் கொடுத்துவிடலாம். அவரைப் பெட்டி போட்டு முடியும்வரை வெளியே காத்திருக்கச் சொல்லுங்கள். டேக் ஒட்டியதும் ஒவ்வொன்றிலும் SYD என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். SIN என்று மட்டும் இருந்தால் பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும், அங்கேயே கேட்டு மாற்றி ஒட்டச் சொல்லுங்கள். ஐந்து டேக்கின் ரசீதையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு பாதுகாப்புச் சோதனைக்கு நகருங்கள்.